ஒரே டிக்கெட்டில் கனெக்‌ஷன்: குறைந்த நேரமா, நிறைய நேரமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருவது என் வேலை. விலையைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்குத்தான் மறுபடி மறுபடி போன் வரும். அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பயணத்தை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: சென்னை, தோஹா, சிகாகோ, அங்கிருந்து இல்லினாய் மாநிலத்து ப்ளூமிங்டன். ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர் என்பதால் நம் ஐடி குடும்பங்கள் அங்கே உண்டு. தோஹாவிலிருந்து சிகாகோ போகும் விமானம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். விடியற்காலையில் சென்னையை விட்டால் தோஹாவில் 1 மணி 25 நிமிடம் கிடைக்கும். முந்தைய நாள் மாலையே கிளம்பினால் 8 மணி 40 நிமிடம். அதேபோல சிகாகோவில் இறங்கிய பிறகு 2 மணி 5 நிமிடத்தில் ஒரு விமானம், 5 மணி நேரம் கழித்து இன்னொன்று. நேரங்கள் உதாரணத்துக்குத்தான். அட்டவணை சீசனுக்குச் சீசன் மாறும்.

"எனக்கு ரெண்டு பிஎன்ஆர் வந்திருக்கு. இது ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா?"

பிஎன்ஆரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிகாகோ வரை ஒரு நிறுவனம், அப்புறம் அதன் கூட்டாளி நிறுவனம் என்றால், இரண்டும் தத்தம் கணினியில் ஆளுக்கொரு குறியீட்டைப் போட்டுக்கொள்ளும். பார்க்க வேண்டியது 13 இலக்க இ-டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டைக் கொடுத்த நிறுவனத்தைக் குறிக்கும்: 157 என்றால் கத்தார் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 098 ஏர் இந்தியா. சென்னையிலிருந்து ப்ளூமிங்டன் வரை எல்லா விமானமும் அந்த எண்ணின் கீழ் இருந்தால் ஒரே டிக்கெட்.

போகவர ஆறு விமானம் இருந்தால் எண் இரண்டாகத் தெரியும், பயப்படாதீர்கள். ஒரு டிக்கெட் எண்ணில் நான்கு விமானம்தான் அடங்கும், மிச்சத்துக்கு அதையடுத்த எண் வரும். இரண்டும் சேர்ந்து ஒரே டிக்கெட்டாகத்தான் கணக்கு. ஆனால் எண்கள் தொடர்ச்சியாக இல்லாமல், முதல் மூன்று இலக்கமே வேறாக இருந்தால், டிக்கெட் விற்ற தளம் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பக்கத்தில் காட்டியிருக்கிறது. அப்படி இருந்தால் கீழே நான் சொல்லும் எந்தப் பாதுகாப்பும் உங்களுக்குப் பொருந்தாது.

"1 மணி 25 நிமிஷம் போதும்னுதானே கம்பெனியே விக்கிறாங்க? அப்புறம் என்ன பயம்?"

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே இருந்தால் முன்பதிவுக் கணினி அந்த இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் சேர்க்காது. வியன்னாவில் அது 25 நிமிடம் வரைகூட இறங்கும், ஃபிராங்ஃபர்ட்டில் 45 நிமிடம், லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையத்துக்குள் ஒரு மணி நேரம். திரையில் ஒரு இணைப்பு தெரிகிறது என்றால் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்து, வழி தெரிந்த ஒருவர் சாதாரண வேகத்தில் நடந்தால் முடியும் என்பதே அந்த நேரத்தின் கணக்கு. உங்கள் அப்பாவின் முழங்கால் வலி அதில் இல்லை. அடிக்கடி தாமதமாக வரும் விமானம் எது என்பதும் அதில் இல்லை. இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் நிறுவனம் விற்கிறது. நாம் நம் கணக்கைப் போட வேண்டும்.

"சரி, அந்த 85 நிமிஷத்துல நெஜமா கையில எவ்ளோ இருக்கும்?"

பின்னாலிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள். கேட்டை விமானம் கிளம்புவதற்குப் பொதுவாக 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், 65 மீதி. விமானம் நின்று, கதவு திறந்து, முப்பதாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர் வெளியே வர 15 நிமிடம், 50 மீதி. தூரத்தில் நிறுத்திப் பேருந்தில் கூட்டிப்போனால் இன்னும் பத்து, பதினைந்து போகும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அடுத்து மாற்றுப் பயணிகளுக்கான பாதுகாப்புச் சோதனை. விடியற்காலையில் தெற்காசிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் நேரத்தில் அங்கே 15 முதல் 20 நிமிடம் வரிசை இருக்கும் என்று வையுங்கள், 30 மீதி. கேட்டுக்கு நடக்க 15 நிமிடம். அமெரிக்கா போகும் விமானங்களுக்குக் கேட் அருகே ஆவணச் சரிபார்ப்பும் கூடுதல் சோதனையும் இருக்கலாம் என்பதால் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறுவதும் நடக்காது.

ஆக, கையில் நிற்பது 15 நிமிடம். சென்னையில் கிளம்பும்போது 20 நிமிடம் தாமதம் என்பது யாரும் பொருட்படுத்தாத தாமதம். அட்டவணையிலேயே கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்த்து வைத்திருப்பதால் பல நாட்களில் அதைப் பறந்தே சரிக்கட்டிவிடுவார்கள். அதனால்தான் இந்த இணைப்பு பெரும்பாலும் கிடைக்கிறது. கிடைக்காத நாளில் என்ன ஆகும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

"கனெக்‌ஷன் போயிடுச்சுன்னா டிக்கெட் காசு போச்சா?"

போகாது. ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பல சமயம் நீங்கள் தரை இறங்கும் முன்பே கணினி மாற்று விமானத்தில் இடம் போட்டிருக்கும்; செயலியைத் திறந்தால் புது போர்டிங் பாஸ் இருக்கும். இல்லையென்றால் மாற்றுப் பயணிகள் கவுண்டருக்குப் போக வேண்டும். இரவு தங்க நேர்ந்தால் அறையும் சாப்பாடும் உண்டா என்று அங்கேயே கேளுங்கள். நிறுவனத்தின் தவறு என்றால் கொடுப்பார்கள். வானிலை என்றால் நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர் மாறும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. முதல் விமானம் நேரத்துக்கு வந்து, நீங்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டோ லவுஞ்சில் அசந்து தூங்கியோ கேட்டைத் தவறவிட்டால் அது உங்கள் கணக்கு. டிக்கெட்டில் மீதமிருக்கும் எல்லா விமானமும், திரும்பி வரும் பயணம் உட்பட, ரத்தாகலாம். நிறைய நேரம் இருக்கும் இணைப்பில்தான் இது நடக்கும் என்பதைக் கவனியுங்கள்.

"அப்ப தைரியமா கம்மி நேரத்தையே எடுத்துக்கலாமே?"

எடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள்: தவறவிட்டால் அடுத்த விமானம் எப்போது? நிமிடக் கணக்கைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

தோஹாவிலிருந்து சிகாகோவுக்கு நேரடி விமானம் ஒரு நாளைக்கு மிகச் சிலவே; பல நாட்களில் அடுத்தது மறுநாள்தான். அன்றைக்கே அனுப்ப வேண்டுமென்றால் டல்லாஸ், நியூயார்க், பிலடெல்பியா என்று வேறு ஊர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஜூனிலும் டிசம்பரிலும் அவையும் நிரம்பி வழியும். இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது இன்னும் கஷ்டம். ஆக, தோஹாவில் 15 நிமிடம் தாமதித்தால் ஒரு நாள் போகும். சிகாகோவிலிருந்து ப்ளூமிங்டன் கதை வேறு. அது சின்ன விமானம், பகலில் ஒன்றுக்கு மேல் இருக்கும். எதுவுமே இல்லையென்றாலும் மகன் காரை எடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடுவான்.

அதனால் ஒரு பயணத்தில் இரண்டு இணைப்பு இருந்தால் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். தவறினால் ஒரு நாள் போகும் இடத்தில் நேரத்தைக் கூட்டுங்கள். இரண்டு மணி நேரம் மட்டும் போகும் இடத்தில் கொஞ்சம் துணியலாம்.

"அமெரிக்காவுல நடுவுல பெட்டியை எடுத்து மறுபடி போடணுமாமே?"

ஆமாம். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவும் சுங்கமும் முடிக்க வேண்டும். சென்னையில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் ப்ளூமிங்டனின் குறியீடான BMI என்றே அச்சாகியிருக்கும். ஆனாலும் சிகாகோவில் பெல்ட்டிலிருந்து நீங்கள்தான் அதை எடுக்க வேண்டும்.

சிகாகோ ஓ'ஹேரில் படிகள் இப்படிப் போகும். தோஹா விமானம் ஐந்தாம் முனையத்தில் இறங்கும். குடிநுழைவு வரிசை. விசிட்டர் விசாவில் வருபவர்களிடம் எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்டு, கைரேகையும் படமும் எடுப்பார்கள். பிறகு பெல்ட். பெட்டியோடு சுங்கத்தைத் தாண்டினால் மாற்றுப் பயணிகள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் இடம் வரும். சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் கொடுத்துவிட்டு நடக்கலாம், எடை போட மாட்டார்கள். அங்கிருந்து முனையங்களுக்கு இடையே ஓடும் ரயிலில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்றால், மூன்றாம் முனையத்துக்குப் போய், மறுபடி முதலிலிருந்து பாதுகாப்புச் சோதனை. தோஹா கடையில் வாங்கிய வாசனைத் திரவியமோ பாட்டிலோ கையில் இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே அதற்குள் வைத்துவிடுங்கள். இந்தச் சோதனையில் அதை வைத்து நேரம் போக்கிக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

இந்தியா திரும்பும்போதும் இதே கதை உண்டு. டில்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் சென்னை வருவதென்றால், பொதுவாக முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். நேராகச் சென்னையில் இறங்கினால் இந்த வேலை இல்லை.

"அப்போ சிகாகோவுல 2 மணி 5 நிமிஷம் பத்துமா?"

குடிநுழைவு வரிசை எவ்வளவு நீளம் என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்க எல்லைத்துறையே இதை வெளியிடுகிறது: `awt.cbp.gov` என்ற பக்கத்தில் ஓ'ஹேரையும் ஐந்தாம் முனையத்தையும் தேர்ந்தெடுத்து, நீங்கள் போகும் அதே மாதத்தின் போன வருடத் தேதிகளைக் கொடுங்கள். மணிவாரியாகச் சராசரி காத்திருப்பும் அதிகபட்சக் காத்திருப்பும் வரும். உங்கள் விமானம் இறங்கும் மணிக்கு நேரே உள்ள அதிகபட்சத்தைப் பாருங்கள். அது ஒரு மணி நேரத்தைத் தொட்டால், பெட்டி, ரயில், சோதனை எல்லாவற்றையும் சேர்த்து 2 மணி 5 நிமிடம் பத்தாது.

பத்தாவிட்டாலும் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம் என்பதே பல சமயம் என் பதில். காரணம், 5 மணி நேரம் கழித்துப் போகும் விமானம் அன்றைய கடைசி விமானமாக இருந்தால், அதில் டிக்கெட் போட்டவருக்குப் பின்னால் வேறு விமானமே இல்லை. தோஹா விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் அவர் சிகாகோவில் தங்க வேண்டியதுதான். 2 மணி 5 நிமிடத்தை எடுத்தவருக்கோ, அது தவறினால் கடைசி விமானம் துணைக்கு இருக்கிறது. சின்ன விமானம் என்பதால் அதில் இடம் இருக்கும் என்று உறுதி இல்லை என்பது மட்டும் குறை. இரண்டுக்கும் நடுவில் மூன்றரை மணி நேரத்தில் ஒரு விமானம் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

"அபுதாபி வழியா போனா சிகாகோவுல இந்தத் தொல்லை இல்லையாமே?"

உண்மைதான். அபுதாபியில் 2014 முதல் அமெரிக்கக் குடிநுழைவு அதிகாரிகளே உட்கார்ந்து முன்கூட்டியே எல்லாம் முடித்துவிடுகிறார்கள். சிகாகோவில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்கலாம். அங்கே 2 மணி நேரம் இருந்தாலே வசதி.

ஆனால் அந்த வரிசை எங்கும் காணாமல் போகவில்லை, அபுதாபிக்கு இடம் மாறியிருக்கிறது. அதனால் அபுதாபியில் ஒன்றரை மணி நேர இணைப்பை எடுக்காதீர்கள். மூன்று மணி நேரமாவது பாருங்கள். சென்னையிலிருந்து வந்த களைப்போடு முதலிலேயே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏதாவது சிக்கல் என்றால் வீட்டுக்குத் திரும்பும் தூரம் குறைவு என்பது ஒரு ஆறுதல்.

"அம்மாவுக்கு வீல்சேர் போட்டாச்சு. அவங்கதான் கூட்டிட்டு ஓடுவாங்களே, கம்மி நேரம் போதும்தானே?"

தோஹாவுக்கு இது நேர் எதிர். வீல்சேர் கேட்டவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்க முடியும். நம் ஊர் விமானங்களில் வீல்சேர் கேட்பவர்கள் நிறையப் பேர். வாசலில் நாற்காலிகள் வந்து, பெயர் கூப்பிட்டு, சில இடங்களில் எல்லோரையும் ஒரு இடத்தில் உட்காரவைத்து, பிறகு கேட் கேட்டாகப் பிரித்து அனுப்புவார்கள். மேலே போட்ட 85 நிமிடக் கணக்கில் இறங்குவதற்கு 15 நிமிடம் வைத்தோமே, அது இங்கே அரை மணி நேரமாகிவிடும். வீல்சேர் உள்ளவருக்குத் தோஹாவில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாக நான் டிக்கெட் போடுவதில்லை.

சிகாகோவில் இது உதவும். குடிநுழைவில் தனி வரிசையில் கூட்டிப்போவார்கள், பெட்டியை எடுக்கவும் ஆள் இருக்கும், முனையம் மாறவும் வழி தேட வேண்டாம். டிக்கெட் போடும்போதே எல்லா விமானத்துக்கும் வீல்சேர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி விமானம் கூட்டாளி நிறுவனத்துடையது என்றால் அங்கே விடுபட்டுப் போவதுண்டு.

"நாங்க ஓடிப் புடிச்சிட்டோம்னு வைங்க. பெட்டி?"

பெட்டி ஓடாது. 85 நிமிடத்தில் நீங்கள் ஏறிவிட்டு, பெட்டி அடுத்த நாள் விமானத்தில் வருவது சகஜம். சிகாகோ பெல்ட்டில் எல்லோரும் போன பிறகும் காத்திருக்காதீர்கள், அடுத்த விமானமும் போய்விடும். அங்கேயே பெட்டி வரவில்லை என்று புகார் பதிந்து குறிப்பு எண் வாங்கிக்கொண்டு, ப்ளூமிங்டன் முகவரியைக் கொடுத்தால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் மூன்று நாளைக்கானதும் ஒரு மாற்று உடையும் கைப்பையில் இருந்தால் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இணைப்பு நேரம் நிறைய இருந்தாலும் இப்படித்தான் வைக்கச் சொல்வேன்.

"எட்டே முக்கால் மணி நேரம் தோஹாவுல என்ன பண்றது? ஹோட்டல் தருவாங்களா?"

இந்த உதாரணத்தில் தரமாட்டார்கள். வளைகுடா நிறுவனங்கள் நீண்ட இணைப்புக்கு இலவச அறை கொடுப்பது, அதைவிடக் குறைந்த இணைப்பு எதுவும் கிடைக்காதபோதுதான். 1 மணி 25 நிமிட இணைப்பு விற்பனையில் இருக்கும்போது நீங்களாக 8 மணி 40 நிமிடத்தை எடுத்தால் அது உங்கள் விருப்பம் என்று கணக்கு. டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு கேட்டு வாங்க முடியாது.

தோஹாவில் பாதுகாப்புப் பகுதிக்குள்ளேயே ஹோட்டல் இருக்கிறது, விசா வேண்டாம். சாய்ந்து படுக்கும் நாற்காலிகளோடு அமைதி அறைகளும் இருக்கின்றன, காசு இல்லை. ஆனால் நள்ளிரவில் எல்லா நாற்காலியும் நிரம்பிவிடும். 70 வயதுக்காரர் இரவெல்லாம் அங்கே உட்கார்ந்துவிட்டு, அதன்பின் பதினான்கு மணி நேர விமானத்தில் ஏறுவதை வசதியான இணைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஹோட்டல் அறைக்கோ லவுஞ்சுக்கோ ஆகும் தொகையையும் டிக்கெட் விலையில் சேர்த்துத்தான் இரண்டு வழிகளையும் ஒப்பிட வேண்டும். அறை எடுக்கிற எண்ணம் இல்லையென்றால் பகலில் வரும் நீண்ட இணைப்பைத் தேடுங்கள்.

இணைப்பு 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது அந்த ஊரில் தங்கிப் போவதாகக் கணக்காகி, கட்டணமும் மாறலாம், பெட்டியையும் அங்கேயே எடுக்க வேண்டி வரலாம்.

"எந்த மாசத்துல கம்மி நேரம் எடுக்கவே கூடாது?"

சென்னைக்கு நவம்பர், டிசம்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த அளவுக்கு மழை வந்தால் எட்டரை மணி நேர இணைப்பும் காப்பாற்றாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி, இரண்டு மணி நேரத் தாமதங்கள் வரிசையாக வரும், அவற்றை அது தாங்கும். ஜனவரியில் போகி அன்று விடியற்காலை புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போகும். 2018 போகியில் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். போகி காலையில் கிளம்பும் விமானத்தோடு 85 நிமிட இணைப்பைச் சேர்ப்பது வேண்டாத வேலை.

வளைகுடாவில் குளிர்கால விடியலில் மூடுபனி, சிகாகோவில் ஜனவரி, பிப்ரவரியில் பனிப்பொழிவு, கோடை மாலைகளில் இடிமழை. 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியையே மூடியதுபோல நடந்தால் எந்தக் கணக்கும் செல்லாது. அன்றைக்குக் கைகொடுத்தது ஒரே டிக்கெட்டில் இருந்ததுதான்.

"சென்னையிலேயே ஃப்ளைட் ஒண்ணரை மணி நேரம் லேட்னு போர்டுல போட்டுட்டாங்க. ஏறலாமா?"

அங்கேயே கவுண்டரில் கேளுங்கள். தோஹா இணைப்பு போய்விட்டது என்பது உறுதியானால் சென்னையிலேயே வேறு வழிக்கு மாற்றித்தரச் சொல்வது நல்லது. ஏறிப் போய் தோஹாவில் ஒரு நாள் உட்காருவதைவிட வீட்டில் தூங்கிவிட்டு மறுநாள் கிளம்பலாம். ஒரே விமானத்திலிருந்து பலர் இணைப்பைத் தவறவிடுவதாக இருந்தால் அடுத்த விமானத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பதும் உண்டு. அதையும் கேளுங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள்.

தாமதம் வரப்போகிறதா என்பதை போர்டு சொல்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டு நிறுவன விமானம் பெரும்பாலும் தன் ஊரிலிருந்து வந்து, திரும்பிப் போகும். தோஹாவிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தை Flightradar24 செயலியில் பாருங்கள். அது அங்கேயே ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தால், உங்கள் விமானமும் தாமதம்தான். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நிறுவனத்துக்கு போன் போட்டு மாற்று இடம் கேட்கலாம்.

"கனெக்‌ஷன் மிஸ் ஆனா 600 யூரோ நஷ்டஈடு உண்டாமே?"

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியைச் சொல்கிறீர்கள். தோஹா வழிக்கு அது இல்லை. ஃபிராங்ஃபர்ட் வழியாக ஐரோப்பிய நிறுவனத்தில் போனால் உண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து சிகாகோ போவதற்கு அங்கேயும் கிடையாது. மால்டோவா நாட்டின் சிஷினாவ் நகரிலிருந்து வியன்னா வழியாக பாங்காக் போன பயணம் ஒன்றில், கிளம்பும் ஊரும் போய்ச் சேரும் ஊரும் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து நடுவில் மட்டும் தொட்டுப் போனால் விதி பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது.

சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேருகிறீர்கள், நிறுவனமும் ஐரோப்பியது என்றால் பொருந்தும். நிறுவனத்தின் காரணத்தால் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரமோ மேலோ தாமதமாகச் சேர்ந்தால் கேட்கலாம். ஒரே டிக்கெட்டில் தாமதத்தைக் கடைசி ஊரில்தான் கணக்கிடுவார்கள். நஷ்டஈட்டை எதிர்பார்த்துக் குறைந்த இணைப்பை எடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். அமெரிக்கா போகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

"டிக்கெட் போட்டு ரெண்டு மாசம் கழிச்சு டைம் மாத்தி மெயில் அனுப்பிட்டாங்க. இப்ப 50 நிமிஷம்தான் இருக்கு."

இது உங்களுக்கு வந்த நல்ல வாய்ப்பு. மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். நிறுவனம் நேரத்தை மாற்றியதால் இணைப்பு குறைந்தால், பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேறு விமானத்துக்கு மாற்றித் தருவார்கள். போன் பண்ணும் முன் உங்களுக்கு வேண்டிய விமான எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். "வேறு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் அவர்களுக்கு வசதியானது கிடைக்கும். "முந்தைய நாள் மாலை விமானத்தில் போடுங்கள்" என்று கேட்டால் அதுவே கிடைக்கும்.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால், அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கு 2024-ல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை கொண்டுவந்த விதி இருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகக் கிளம்பவோ தாமதமாகச் சேரவோ மாற்றினாலும், இறங்கி ஏறும் ஊர்களைக் கூட்டினாலும், மாற்றை நீங்கள் ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

"பையன் சிகாகோவுக்கே கார் எடுத்துட்டு வர்றேங்கறான். ப்ளூமிங்டன் ஃப்ளைட்டை விட்டுடலாமா?"

சொல்லாமல் விடாதீர்கள். போகவர ஒரே டிக்கெட்டில் நடுவில் ஒரு விமானத்தில் ஏறாவிட்டால், பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் கணினி ரத்து செய்துவிடும். ஆறு மாதம் கழித்துத் திரும்புவதற்குக் கவுண்டருக்குப் போகும்போதுதான் தெரியவரும். தாமதத்தால் ப்ளூமிங்டன் விமானம் தவறி, அடுத்தது மறுநாள்தான் என்று ஆனால், அந்நிறுவனத்தின் கவுண்டரில் நின்று, "நான் தரைவழியாகப் போகிறேன், இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பும் பயணத்தை அப்படியே வையுங்கள்" என்று சொல்லிப் பதிய வைக்க வேண்டும். சொல்லிவிட்டு வந்தால் போதாது. காரில் ஏறுவதற்கு முன் செயலியில் திரும்பும் விமானங்கள் உறுதி என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களானால் அது ப்ளூமிங்டனுக்குத் தனியாகப் போகும், மறுநாள் அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

காரில் போவது முன்பே உறுதி என்றால் சிகாகோ வரைக்கும் மட்டும் டிக்கெட் போடுங்கள். பல சமயம் விலை ஒன்றாகவே இருக்கும், சில சமயம் சிகாகோவோடு நிற்பது கூடுதலாகக்கூட இருக்கும். கூடுதலாக இருந்தாலும் அதையே போடச் சொல்வேன். அப்போது சிகாகோ இணைப்பு என்ற கேள்வியே இல்லை, தோஹாவைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும்.